நோட்டீஸ், சம்பளம், சேரும் நாள்: மூன்று கேள்விகளுக்கு ஒரே கணக்கு

விழுப்புரம் ஜங்ஷனில் காலை வண்டிக்காகக் காத்து நிற்கும் இளைஞர் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வீடு விழுப்புரத்தில், உத்தியோகம் திண்டிவனத்துக்கு அருகே ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில், நான்கு ஆண்டு அநுபவம். 2026 ஜனவரி 5-ஆம் தேதி, திங்கட்கிழமை காலை, முன்பின் அறியாத எண்ணிலிருந்து அவருடைய கைபேசிக்கு ஒரு செய்தி வருகிறது. மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலைக்குக் கணக்கர் தேவை என்றும், இப்போதைய சி.டி.சி. என்ன, எதிர்பார்க்கும் சி.டி.சி. என்ன, நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, எந்தத் தேதியில் சேர முடியும் என்பவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்றும் ஆள் எடுக்கும் அதிகாரி கேட்டிருக்கிறார். வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழைகிறது. நல்ல வாய்ப்பு நழுவிவிடக் கூடாதே என்ற கவலையில் இளைஞர் நின்றபடியே பதில் அடித்து அனுப்புகிறார்: "நோட்டீஸ் 2 மாதம், பேசிக் குறைக்கலாம். சம்பளம் கம்பெனி வழக்கப்படி. உடனே சேரத் தயார்."

மரியாதையும் ஆர்வமும் நிறைந்த இந்தப் பதிலில், கேட்டவருக்குப் பயன்படும் விடை ஒன்றுகூட இல்லை. செய்தி அனுப்பிய அதிகாரியின் முன்னால் ஒரு எக்செல் தாள் திறந்திருக்கிறது. விண்ணப்பித்தவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி. நோட்டீஸ் நாட்கள், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், சேரும் தேதி, ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். "வழக்கப்படி" என்பதை எண் கேட்கும் கட்டத்தில் எழுத முடியாது. "2 மாதம்" என்பதும் "உடனே" என்பதும் ஒரே வரியில் ஒன்றையொன்று மறுக்கின்றன. அந்தச் சந்தேகத்தைத் தெளிவித்துக்கொள்ள அவர் மறுபடியும் எழுதுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தாளில் அடுத்த வரி இருக்கிறது. அவர் அதற்குப் போய்விடுவார்.

இந்தக் கேள்விகளைத் தனித்தனிக் கேள்விகளாக எண்ணுவதிலிருந்துதான் இத்தகைய பிழைகள் பிறக்கின்றன. உண்மையில் நோட்டீஸ் காலத்திலிருந்து சேரும் நாள் பிறக்கிறது. சேரும் நாளைப் பொறுத்துச் சம்பளத்தில் லாபமோ நஷ்டமோ நேருகிறது. வேலை எந்த ஊரில் என்பதைப் பொறுத்து அச்சம்பளத்தின் மதிப்பே மாறுகிறது. ஆகையால் பதில் ஐந்து வரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஐந்து வரிக்குப் பின்னால் ஒரு முழுக் கணக்கு இருக்க வேண்டும். நம் இளைஞர் அந்தக் கணக்கை எப்படிப் போட்டிருக்கலாம் என்பதை இந்த அத்தியாயத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

நோட்டீஸ் காலம் எங்கே எழுதியிருக்கிறது

நோட்டீஸ் காலத்தை ஞாபகத்திலிருந்து சொல்லக் கூடாது; சக ஊழியரைக் கேட்டும் சொல்லக் கூடாது. வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட நியமன ஆணையை எடுத்துப் பார்க்க வேண்டும். வேலை நிரந்தரமானபோது வேறொரு கடிதம் கொடுத்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் முப்பது நாளாக இருந்த நோட்டீஸ், நிரந்தரமான பிறகு அறுபதாகவோ தொண்ணூறாகவோ மாறியிருப்பது சர்வ சாதாரணம். இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் பழைய எண்ணையே சொல்லிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் பலர்.

ஆணையைப் படிக்கையில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, காலம் நாட்களில் சொல்லப்பட்டிருக்கிறதா, மாதங்களில் சொல்லப்பட்டிருக்கிறதா என்பது. இரண்டு மாதமும் அறுபது நாளும் எப்போதும் ஒன்றல்ல. இரண்டாவது, நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் விடுமுறை அதில் கழியுமா, அல்லது அத்தனை நாள் நோட்டீஸ் நீளுமா என்பது. மூன்றாவது, குறைவுபடும் நாட்களுக்குப் பணம் கட்டி விலகும் வசதி, அதாவது பை-அவுட், இருக்கிறதா என்பதும், இருந்தால் அது ஊழியரின் விருப்பமா, நிர்வாகத்தின் இசைவுக்கு உட்பட்டதா என்பதும்.

நம் இளைஞரின் ஆணையில் அறுபது நாள் என்று இருக்கிறது. பணம் கட்டி விலகுவது நிர்வாகத்தின் இசைவோடு மட்டுமே என்றும் இருக்கிறது. அப்படியானால் "பேசிக் குறைக்கலாம்" என்று எழுத அவருக்கு ஆதாரமே இல்லை. ஏனெனில் குறைப்பது அவர் கையில் இல்லை. பை-அவுட்டுக்குத் தொகை எதன்மேல் கணக்கிடப்படும் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. அவருடைய மாதச் சம்பளம் 34,000 ரூபாய்; அதில் அடிப்படைச் சம்பளம் 17,000. பதினைந்து நாள் குறைந்தால், அடிப்படைச் சம்பளத்தின்மேல் கணக்கிட்டால் 8,500 ரூபாய். முழுச் சம்பளத்தின்மேல் கணக்கிட்டால் 17,000 ரூபாய். இந்தத் தொகையைப் புதிய நிறுவனம் ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஆனால் அது ஆஃபர் லெட்டரில் எழுதப்பட்டிருந்தாலன்றி, வாய்ச் சொல்லை நம்பிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நோட்டீஸை முடிக்காமலே போய்விட்டால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டப்படி, விருப்பமில்லாத ஒருவரை வேலையில் தொடரும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை என்பது உண்மை. ஆயினும் பழைய நிறுவனம் நோட்டீஸ் தொகையைக் கேட்கலாம். ரிலீவிங் லெட்டர் கொடுப்பதைத் தாமதப்படுத்தலாம். புதிய நிறுவனமோ பெரும்பாலும் அந்தக் கடிதத்தைக் கண்ட பிறகுதான் சேர்த்துக்கொள்ளும். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதி பதிவாகிவிடுவதால், தேதியை மாற்றிச் சொல்வதும் நெடுநாள் நிற்காது.

சேரும் நாள் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது

அநேகர் செய்யும் பிழை, கேள்வி வந்த நாளிலிருந்து அறுபது நாளை எண்ணுவது. ஜனவரி 5-ஆம் தேதி கேள்வி வந்தது, ஆகவே மார்ச் 6-ஆம் தேதி சேர்ந்துவிடலாம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் நோட்டீஸ் ஓடத் தொடங்குவது ராஜினாமா கொடுத்த பிறகு. விவேகமுள்ளவர் ராஜினாமா கொடுப்பது ஆஃபர் லெட்டர் எழுத்தில் கைக்கு வந்த பிறகு. கேள்விக்கும் அந்தக் கடிதத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு நேர்முகங்கள், சம்பளப் பேச்சு, மேலதிகாரியின் கையெழுத்து ஆகியவை இருக்கின்றன. இந்த ஜனவரியில் பொங்கல் விடுமுறையும் நடுவே வருகிறது. இத்தனை நாளையும் கணக்கில் சேர்க்காமல் சொன்ன தேதி, சொன்ன மறுநாளே பொய்யாகத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே சேரும் நாளை ஆஃபர் லெட்டரோடு கட்டிச் சொல்ல வேண்டும்; அதோடு, கேட்பவர் தம் கட்டத்தில் எழுதிக்கொள்ளும்படி ஒரு தேதியையும் நிபந்தனையோடு கொடுக்க வேண்டும். கடிதம் ஜனவரி 19-ஆம் தேதி வந்து, மறுநாள் 20-ஆம் தேதி ராஜினாமா கொடுக்கப்படுகிறது என்று கொள்வோம். 21-ஆம் தேதியை முதல் நாளாக எண்ணினால் ஜனவரியில் பதினொரு நாள், பிப்ரவரியில் இருபத்தெட்டு நாள், மார்ச்சில் இருபத்தொரு நாள், ஆக அறுபது. மார்ச் 21 சனிக்கிழமை கடைசி வேலை நாள். 23 திங்கட்கிழமை புதிய இடத்தில் சேரலாம். கடிதம் பத்து நாள் தாமதித்து ஜனவரி 29-ஆம் தேதி வந்து, 30-ஆம் தேதி ராஜினாமா கொடுத்தால், அறுபதாவது நாள் மார்ச் 31. சேரும் நாள் ஏப்ரல் 1. புதிய நிறுவனத்தார் தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் கடைசி வேலை நாளும் ஒரு நாள் தள்ளிப் போகிறது, அதோடு சேரும் நாளும் தள்ளுகிறது என்பதை, சண்டையும் சலிப்பும் இல்லாமல், இந்தக் கணக்கே அவர்களுக்குச் சொல்லிவிடும்.

ஏற்கெனவே ராஜினாமா கொடுத்துவிட்டவருக்கு இந்தச் சிரமம் இல்லை. அவர் நாட்களை எண்ணிச் சொல்லாமல், நிர்வாகம் ஏற்றுக்கொண்ட கடைசி வேலை நாளையே தேதியாகச் சொல்ல வேண்டும். ஏற்பு மின்னஞ்சல் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் பதிலுக்குத் தனி மதிப்பு உண்டு.

எந்தச் சம்பளம், எந்த ஊருக்கு

சம்பளக் கேள்விக்கு விடை சொல்லுமுன், எந்த அளவுகோலில் பேசுகிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நம் இளைஞரின் சி.டி.சி. ஆண்டுக்கு 4,80,000 ரூபாய். இதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 40,000 வருகிறது. ஆனால் அவர் கையில் வாங்குவது 32,000 அளவில்தான். மாதம் 34,000 வீதம் ஆண்டுக்கு 4,08,000 சம்பளம். நிறுவனம் கட்டும் வைப்பு நிதி மாதம் 1,800 வீதம் 21,600. பணிக்கொடைக்காக அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், அதாவது 9,812; மருத்துவக் காப்பீட்டுக்கு 4,588; வேரியபிள் என்று சொல்லப்படும் மாறும் தொகை 36,000. இவை அனைத்தும் சேர்ந்ததே அந்த 4,80,000. மாதச் சம்பளம் 34,000-இலிருந்து அவருடைய பங்கு வைப்பு நிதி 1,800-ம் தொழில் வரியும் போக மிஞ்சுவதுதான் அந்த 32,000. வேரியபிளை நீக்கினால் நிரந்தரப் பகுதி 4,44,000. பதிலில் இந்த இரண்டு எண்களும் தனித்தனியே இருக்க வேண்டும். இல்லையேல் அவர் மொத்தத்தைச் சொல்ல, கேட்டவர் நிரந்தரப் பகுதி என்று கொள்ள, கடைசி நேரத்தில் இரு தரப்புக்கும் மனக்கசப்பு வரும். இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதும் வீண். மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்கும் வழக்கம் எங்கும் இருப்பதால், அந்தப் பொய் ஆஃபர் கொடுக்கும் கட்டத்தில் வெளிப்பட்டுக் கிடைத்த வாய்ப்பையும் கெடுக்கும்.

அடுத்தது எதிர்பார்ப்பு. இதற்குச் சதவீதத்திலிருந்து தொடங்குவதைவிட, வீட்டுச் செலவிலிருந்து தொடங்குவதே உத்தமம். விழுப்புரத்தில் சொந்த வீட்டிலிருந்து போய்வரும் அவர், மறைமலைநகருக்குப் போனால் அங்கே அறை எடுத்துத் தங்க வேண்டும். வாடகையும் சாப்பாடும் மாதம் 9,000 ரூபாய் கூடுதலாக ஆகும் என்று அவர் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார். அப்படியானால் கையில் 41,000 வந்தால்தான் இன்றிருக்கும் நிலையிலேயே இருப்பார். கையில் 41,000 என்றால் மாதச் சம்பளம் 43,000, ஆண்டுக்கு 5,16,000. நிறுவனத்தின் வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடை, காப்பீடு ஆகியவற்றையும் கூட்டினால் நிரந்தரப் பகுதி 5,55,000 அளவுக்கு வருகிறது. இதற்குக் கீழே ஒப்புக்கொண்டால், பெரிய சம்பளம் என்று ஊரார் சொல்ல, அவர் பழைய நிலைக்கும் கீழே போயிருப்பார். இது அவருடைய எல்லைக் கோடு. இதை அவர் தமக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். பதிலில் எழுத வேண்டியது, அதற்குச் சற்று மேலே, காரணத்தோடு நிற்கக்கூடிய ஓர் எண். 5,80,000 என்று அவர் தீர்மானிக்கிறார். அதில் கைக்கு 43,000 அளவில் வரும்.

இதே இளைஞருக்கு வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்காவில் உள்ள ஒரு நிறுவனத்திலிருந்து கேள்வி வந்திருந்தால், விடை வேறு. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். அறை வாடகை இல்லை. அங்கே நிரந்தரப் பகுதி 5 லட்சம் கிடைத்தால்கூட, மறைமலைநகரில் கிடைக்கும் 5,80,000-ஐவிட மாதக் கடைசியில் கையில் அதிகம் மிஞ்சும். ஆகவே எதிர்பார்ப்பை எழுதும்போது ஊரின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். ஊர் மாறினால் எண்ணும் மாறும் என்பதற்கு அந்த ஒரு சொல்லே இடம் கொடுக்கும்.

எல்லைக் கோடு தெரியாதபோது ஒரு வீச்சைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். "5.2 முதல் 6.2 வரை" என்று எழுதினால், கேட்பவர் எழுதிக்கொள்வது பெரும்பாலும் 5.2, சொன்னவர் மனத்தில் நிற்பது 6.2. ஓர் எண்ணைச் சொல்வதே இரு தரப்புக்கும் நல்லது.

தேதியும் பணமும் சந்திக்கும் இடம்

இதுவரை போட்ட கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அந்த 36,000 ரூபாய் வேரியபிள் எப்போது கிடைக்கும்? நம் இளைஞரின் நிறுவனத்தில், மார்ச் 31-ஆம் தேதி வேலையில் இருப்பவருக்கே அந்த ஆண்டின் தொகை உண்டு. மார்ச் 21-ஆம் தேதி விலகினால், பத்து நாள் முந்தியதற்காக அவர் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்ட தொகையை இழப்பார். அன்றியும் அவர் கணக்குப் பிரிவில் இருப்பவர். நிதியாண்டின் கணக்கை முடிக்கும் மார்ச் மாதக் கடைசியில் அவரை முன்கூட்டி விடுவிக்க எந்த மேலாளரும் எளிதில் சம்மதிக்க மாட்டார். ஆகவே ஏப்ரல் 1 என்பதே அவருக்கு உண்மையான சேரும் நாள். கடிதம் முன்னதாகவே வந்தாலும் அவர் ஜனவரி 30-ஆம் தேதி ராஜினாமா கொடுத்தால் போதும்; கடிதம் 29-ஆம் தேதிதான் வந்தாலும் சொன்ன தேதி கெடாது.

சில நிறுவனங்களில் நோட்டீஸில் இருப்பவருக்கு வேரியபிள் கிடையாது என்ற ஷரத்தும், பணம் பட்டுவாடா ஆகும் நாளில் வேலையில் இருக்க வேண்டும் என்ற ஷரத்தும் உண்டு. அத்தகைய இடத்தில் மார்ச் 31-க்குக் காத்திருப்பதில் பிரயோஜனமில்லை. அப்போது இழக்கும் தொகையைப் புதிய நிறுவனத்திடம் சேரும் போனஸாகக் கேட்கலாம். ஆனால் அதை நேர்முகம் முடிந்து அவர்கள் விருப்பம் தெரிவித்த பிறகு பேசுவதே முறை. முதல் பதிலில் அதற்கு இடமில்லை.

பதில்

இனி எழுதுவதற்கு அரை நிமிஷம் போதும். ஆங்கிலத்தில் எழுதுபவரும் இதே வரிசையில், வரிக்கு ஒரு விஷயமாக எழுதலாம்:

"வணக்கம். கேட்ட விவரங்கள்:
நோட்டீஸ்: 60 நாள். இன்னும் ராஜினாமா செய்யவில்லை.
இப்போதைய சி.டி.சி.: ஆண்டுக்கு 4.80 லட்சம் (நிரந்தரம் 4.44, வேரியபிள் 0.36).
எதிர்பார்ப்பு: மறைமலைநகருக்கு, நிரந்தரப் பகுதி 5.80 லட்சம்.
சேரும் நாள்: ஜனவரி 29-க்குள் ஆஃபர் லெட்டர் கிடைத்தால் ஏப்ரல் 1.
மாலை 6.30-க்கு மேல் போனில் பேசலாம்."

இதில் விளக்கம் இல்லை. நோட்டீஸ் ஏன் அறுபது நாள் என்ற சமாதானமும் இல்லை. சம்பளம் ஏன் வேண்டும் என்ற குடும்ப விவரமும் இல்லை. கேட்பவர் தம் தாளின் கட்டங்களை மேலிருந்து கீழே நிரப்பிக்கொண்டு போகலாம். கடைசி வரி, திண்டிவனத்திலிருந்து வண்டி பிடித்து வீடு திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தது. வேலை நேரத்தில் வரும் அழைப்பை எடுக்க முடியாமல் போவதை அது தவிர்க்கும்.

பெரும்பாலும் அன்று மாலையே அழைப்பு வரும். "சார், எங்களுக்கு முப்பது நாளில் ஆள் வேணும். முடியுமா?" என்பது முதல் கேள்வியாக இருக்கும். அப்போது "முயற்சி பண்றேன்" என்று சொல்லிவிடத் தோன்றும். அந்த வார்த்தை தாளில் "30 நாள்" என்று பதிவாகிவிடும். "எங்க ஆர்டர்படி அறுபது நாள் மேடம். முன்னாடி விடறது நிர்வாகத்தோட கையில இருக்கு. ஆஃபர் வந்ததும் கேட்டுப் பார்த்து, அவங்க சொன்னதை எழுத்துல உங்களுக்கு அனுப்பறேன்" என்று சொல்வதே சரியான விடை. சில இடங்களில் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். முப்பது நாளில் ஆள் வேண்டியவருக்கு நம் இளைஞர் பொருத்தமில்லை என்பது நேர்முகங்களுக்கெல்லாம் அலைந்த பிறகு தெரிவதைவிட, முதல் நாளே தெரிவது இருவருக்கும் நல்லது.

ஜனவரி 29-ஆம் தேதி கடந்தும் கடிதம் வரவில்லை என்றால், 30-ஆம் தேதி காலையிலேயே ஒரு வரி அனுப்ப வேண்டும்: "ஆஃபர் லெட்டர் பிப்ரவரி 5-க்குள் வந்தால் சேரும் நாள் ஏப்ரல் 8." பிப்ரவரி 6-இல் ராஜினாமா கொடுத்தால் அறுபதாவது நாள் ஏப்ரல் 7, ஆகவே 8. தேதியை மாற்றியது தாம் அல்ல, தாமதமே என்பது அந்த வரியிலேயே விளங்கும். இந்தச் சிறு திருத்தத்தை அனுப்பாமல் விட்டு, ஏப்ரல் 1-ஆம் தேதி மறைமலைநகரில் அவருக்காக நாற்காலி காத்திருக்க, அவர் திண்டிவனத்தில் நோட்டீஸ் முடிக்காமல் உட்கார்ந்திருப்பாரானால், ஐந்து வரியில் அவ்வளவு கவனமாகக் கொடுத்த வாக்கு அனைத்தும் பயனற்றதாகிவிடும்.